ஷெங்கன் விசாவுக்குக் காப்பீடு: முப்பதாயிரம் டாலரா, யூரோவா?

கேள்வி: அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துப் போகிறேன். ஷெங்கன் விசாவுக்கு எவ்வளவு தொகைக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும்? ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

குறைந்தது 30,000 யூரோ. அவசர சிகிச்சை, மருத்துவமனையில் சேர்ப்பது, நோயுற்றவரை ஊருக்குக் கொண்டுவருவது, இறந்தால் உடலை அனுப்புவது ஆகிய செலவுகள் அதில் அடங்க வேண்டும். போவது ஜெர்மனிக்கு மட்டும்தான் என்றாலும் எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக வேண்டும்.

என் அம்மாவுக்கு (வயது 64) எடுத்தபோது நாங்கள் தடுக்கியது இந்தத் தொகையில்தான். தங்கை மியூனிக்கில் இருக்கிறாள். முகவர் கொடுத்த பாலிசியில் 30,000 என்று போட்டிருந்தது. ஆனால் அது டாலர். நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் டாலரில்தான் பாலிசி தருகின்றன. யூரோவின் மதிப்பு டாலரை விட அதிகம் என்பதால் 30,000 டாலர் போதாது. விசா மையத்தில் சுட்டிக்காட்டிய பிறகு 50,000 டாலர் பாலிசிக்கு மாற்றினோம். பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அன்றைய அப்பாயின்ட்மென்ட் வீணாகிப்போனது.

அடுத்து தேதி. அம்மாவின் விமானம் மே 4 இரவு சென்னையில் கிளம்பி 5ஆம் தேதி அங்கே இறங்கியது. திரும்புவது ஜூன் 12, வீடு வந்து சேர்வது 13. பாலிசியை மே 4 முதல் ஜூன் 20 வரை எடுத்தோம். விமானம் ரத்தானாலோ பயணம் தள்ளிப்போனாலோ கடைசி நாளில் காப்பீடு இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் வாரம்.

பணம் கட்டிய ரசீதை மட்டும் கொண்டு போகாதீர்கள். விசா அதிகாரி பார்ப்பது நிறுவனம் தரும் காப்பீட்டுச் சான்றிதழை. அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், தொகை, 'ஷெங்கன்' என்ற சொல், நான் மேலே சொன்ன நான்கு செலவுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பிப் போனால் இந்தச் சான்றிதழ் கிடைக்காமல் திண்டாட நேரும்.

பலமுறை செல்லும் விசா கேட்டிருந்தால் முதல் பயணத்துக்கு மட்டும் காப்பீடு காட்டினால் போதும். அடுத்தடுத்த பயணங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவீர்கள்.

விசா அதிகாரி கேட்காத, ஆனால் நீங்கள் அவசியம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிறதா? ஏற்கெனவே உள்ள நோய்க்கான செலவைப் பல பாலிசிகள் தருவதில்லை. தந்தாலும் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் ஒரு சிறு வரம்பு வரைதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று தனித்தனி உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். நோயை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அதைச் சேர்த்துக்கொள்ளும் பாலிசியையே எடுங்கள். என் அம்மாவின் சர்க்கரையை எழுதிக் கொடுத்ததால் எங்களுக்குப் பிரீமியம் கூடியது. இருந்தும் அதைத்தான் எடுத்தோம்.