உண்மையைச் சொன்னது தப்பா? – கடிதம்

அன்புள்ள சார்,

சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் 6 வருடமாக இருக்கிறேன். வங்கி ப்ராஜெக்ட், ஜாவா, பெரும்பாலும் புரொடக்‌ஷன் சப்போர்ட். போன வாரம் ஒரு ப்ராடக்ட் கம்பெனியின் ரெக்ரூட்டர் கூப்பிட்டார். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் காலேஜில் ஆரம்பித்தேன். இரண்டாவது ப்ராஜெக்ட்டிலேயே குறுக்கிட்டு, ஏன் மாற நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். மேனேஜர் சரியில்லை, ஹைக் இல்லை, நைட் ஷிப்ட் என்று உள்ளதைச் சொன்னேன். திரும்பக் கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவே இல்லை. உண்மையைச் சொன்னது தப்பா? ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்.

க., சென்னை

அன்புள்ள க.,

தப்பில்லை. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

ரெக்ரூட்டருக்கு ஜாவா தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் முன்னால் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கும்: மொத்த அனுபவம், அதில் இந்த வேலைக்குப் பொருந்துவது எவ்வளவு, தற்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட், மாறும் காரணம். பேசி முடித்ததும் தன் கம்பெனி மேனேஜருக்கு உங்களைப் பற்றி மூன்று நான்கு வரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த வரிகளை அவர் கையில் கொடுப்பதற்குத்தான் உங்களுக்கு இரண்டு நிமிடம். காலேஜில் தொடங்கினால், வேலைக்குத் தேவையானது வருவதற்குள் அவர் பேனாவை வைத்துவிடுவார். இன்று என்ன செய்கிறீர்கள் என்பதில் தொடங்குங்கள்.

உங்கள் ரெஸ்யூமேயின் மூன்றாம் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு நல்ல விஷயம் கிடக்கிறது. இரவு ஓடும் பேமென்ட் பேட்ச் ஒரே பிழையால் அடிக்கடி விழுந்து, மாதம் 40 டிக்கெட் வந்திருக்கிறது. நீங்கள் ப்ரோகிராமைத் திருத்திய பிறகு அது 8 ஆனது. எனக்குத் தெரிந்து உங்கள் 6 வருடத்தில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஏறக்குறைய இப்படிப் பேசலாம், ஆங்கிலத்தில்தான்:

“6 வருடமாக ஜாவாவில் இருக்கிறேன், கடைசி 4 வருடம் ஒரு வங்கியின் பேமென்ட் சிஸ்டத்தில். சப்போர்ட் டீம் என்றாலும் பிழையைத் தேடி ப்ரோகிராமைத் திருத்துவதும் என் வேலை. உதாரணமாக, இரவு பேட்ச் ஒன்றில் மாதம் 40 டிக்கெட் வந்தது. ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை நுழைவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து நானே திருத்தினேன், இப்போது 8 வருகிறது. அதற்கு முன் 2 வருடம் இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டில் டெவலப்மென்ட். உங்கள் விளம்பரத்தில் பேமென்ட் அனுபவம் கேட்டிருந்தீர்கள், அதனால்தான் விண்ணப்பித்தேன்.”

நிதானமாகப் பேசினால் இது ஒரு நிமிடத்தைத் தாண்டாது. மீதி நேரத்தை அவர் கேள்விகளுக்கு விடுங்கள். சப்போர்ட் என்பதை மறைக்க வேண்டாம், அடுத்த ரவுண்டில் எப்படியும் தெரிந்துவிடும்.

இனி, மாறும் காரணம். இந்தக் கேள்வியை நம்மூரில் பலர் வம்புக்குக் கேட்பதாக நினைக்கிறார்கள். நம் கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் 90 நாள். ஆஃபர் வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் வேறு ஆஃபர் தேடுவார், அல்லது இருக்கிற கம்பெனியே சம்பளத்தை ஏற்றிக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். கடைசி நாளில் ஆள் வராவிட்டால் ரெக்ரூட்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் அவர் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: இவர் வந்து சேருவாரா?

இப்போது உங்கள் பதிலைப் பாருங்கள். ஹைக் கொடுத்தால் ஹைக் பிரச்சினை தீர்ந்தது. டீம் மாற்றினால் மேனேஜரும் நைட் ஷிப்டும் தீர்ந்தன. மூன்றையும் உங்கள் கம்பெனியே ஒரே வாரத்தில் சரிசெய்துவிடலாம்! அதனால்தான் போன் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அங்கே சரிசெய்ய முடியாத காரணம் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? ரெஸ்யூமேயைப் பார்த்தால் இருக்கிறது. அந்த சிஸ்டம் வங்கியுடையது. எதைக் கட்டுவது என்று வங்கி முடிவு செய்கிறது, உங்கள் டீம் பராமரிக்கிறது. “திருத்துகிற வேலை நன்றாக வருகிறது, ஆனால் எங்கள் ஒப்பந்தம் பராமரிப்புக்கு மட்டும். முதலிலிருந்து கட்டுகிற இடத்துக்கு வர நினைக்கிறேன்” என்று இரண்டு வாக்கியத்தில் நிறுத்திவிடுங்கள். இதுவும் உண்மைதானே? எல்லா உண்மையையும் முதல் போனிலேயே இறக்கி வைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும், இதே கேள்வியை அந்தக் கம்பெனி மேனேஜரும் பிறகு கேட்பார், அங்கே காரணம் மாறக்கூடாது.

மேனேஜர் கதையை விட்டுவிடுங்கள், அந்தப் பக்க நியாயத்தை விசாரிக்க ரெக்ரூட்டருக்கு வழியில்லை. சம்பளம் தானாகவே எதிர்பார்ப்பு கேள்வியில் வந்துவிடும். தற்போதைய சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள், பிறகு பே ஸ்லிப் கேட்பார்கள். நைட் ஷிப்டைக் கடைசியில் நீங்களே கேள்வியாகக் கேட்கலாம்: “இந்த டீமில் ஆன்-கால் உண்டா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை?” பதில் இழுபறியாக வந்தால் மேற்கொண்டு போகலாமா என்று நீங்களும் யோசியுங்கள்.