நித்திரையில் வீரிட்டுக் கத்தும் பிள்ளைக்கு விடிந்ததும் ஒன்றும் ஞாபகமில்லாதது ஏன்?

கேள்வி: "மகனுக்கு நாலரை வயது. நித்திரை கொண்டு கொஞ்ச நேரத்தில எழும்பி இருந்து வீரிட்டுக் கத்துறான். கண் திறந்திருக்கு, ஆனா என்னைத் தெரியேல்லை. தூக்கப் போனாத் தள்ளி விடுறான். விடியக் கேட்டா ஒண்டும் தெரியாதெண்டுறான். மாமி, 'பிள்ளை பயந்திட்டான், நூல் கட்டு' எண்டுறா. இது கெட்ட கனவோ, வேற ஏதும் வருத்தமோ?"

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்ட கனவு போலத் தெரியவில்லை. டொக்டர்மார் 'நைட் டெரர்' என்று சொல்வது இதைத்தான். யாழ்ப்பாணத்தில் சிறுவர் வார்ட்டில் நேர்ஸாக வேலை செய்தவள் நான். காய்ச்சலுக்கு வந்து படுத்திருக்கும் பிள்ளை இரவு பத்து, பதினொரு மணிக்கு இப்படிக் குளறினால் வார்ட் முழுக்க எழும்பிவிடும். தாய்மார் எல்லாரும் அடுத்த நாள் கேட்பது உங்கள் கேள்வியைத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூடு. கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பின்பாதியில், விடியப்புறம் வரும். கனவுகள் அதிகம் வருகிற ரெம் நித்திரை அந்த நேரத்தில்தான் நீளமாக இருக்கும். நைட் டெரர் வருவது முன்னிரவில், படுத்து ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள். அப்போது பிள்ளை மிக ஆழ்ந்த நித்திரையில் இருக்கும். அங்கே இங்கே தூக்கிக்கொண்டு போனாலும் தெரியாத நித்திரை அது.

இன்னொன்றும் இருக்கிறது. ரெம் நித்திரையில் கனவு ஓடும்போது, கண்ணையும் மூச்சையும் தவிர உடம்பின் தசைகள் கிட்டத்தட்ட முழுதாகத் தளர்ந்து கிடக்கும். அதனால் கனவுக்கு நடுவிலேயே எழும்பி இருந்து, காலை உதைத்து, ஆளைத் தள்ள முடியாது. கெட்ட கனவு கண்ட பிள்ளை முதலில் முழுதாக விழித்துக்கொள்ளும். பிறகுதான் அழும், "அம்மா" என்று தேடும், கட்டிப்பிடிக்கும், நாய் துரத்தியது என்று கதை சொல்லும், திரும்பப் படுக்கப் பயப்படும். உங்கள் மகன் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இங்கே ஒரு பிள்ளை இரவில் வீரிட்டால் பெரியவர்களுக்கு வேறு ஞாபகங்கள் வருவது இயல்பு. செல்லடிக் காலத்தைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழும்புகிற ஆட்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த பங்கருக்குள் ஓடினோம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது வரை சொல்வார்கள். அது கெட்ட கனவு. உங்கள் மகன் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் மறைப்பதல்ல, அவனிடம் சொல்ல ஒன்றுமே இல்லை.

ஏன் இல்லை? ஆழ்ந்த நித்திரையின் ஒரு சுற்று முடிந்து மேலே வரும்போது மூளை ஒரே அடியாக மாறாமல், ஒரு பகுதி மட்டும் முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது. வலிப்பு நோய்ப் பரிசோதனைக்காக மூளைக்குள்ளேயே மின்முனைகள் வைத்திருந்த ஒரு சிலருக்கு, இதே வகையான அரை விழிப்பு தற்செயலாக வந்தபோது பதிவு செய்திருக்கிறார்கள். கை காலை அசைக்கும் பகுதியும் உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதியும் விழித்த நிலையில் இருந்தன. யோசித்து முடிவெடுக்கும் முன்பக்கமும், நடந்ததை நினைவாகப் பதியும் ஹிப்போகாம்பஸும் நித்திரையின் அலைகளையே காட்டின. அதனால்தான் கத்தலும் உதையும் வருகின்றன. இதயம் படபடவென்று அடிக்கும், உடம்பு வேர்க்கும், கண்மணி விரிந்திருக்கும். ஆனால் முன்னால் நிற்பது அம்மா என்று புரிந்துகொள்ளும் இடமும் அதைப் பதிந்து வைக்கும் இடமும் விழிக்கவில்லை. விடிந்ததும் பிள்ளை மறந்துபோகவில்லை. நடந்தது நினைவாக ஏறவே இல்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சிலர் "ஏதோ மேலே விழ வந்தது" என்று ஒரு துண்டு சொல்வதுண்டு. கோர்வையாகக் கதை இருக்காது.

ஆகவே அந்த நேரத்தில் எழுப்ப முயல வேண்டாம். முகத்தில் தண்ணீர் அடிப்பது, உலுக்குவது, இறுக்கிப் பிடிப்பது எல்லாம் கத்தலை நீட்டும். அதைவிட மோசம், பாதியில் முழுதாக விழித்த பிள்ளை பார்ப்பது தன்னைச் சுற்றிப் பதறி நிற்கும் முகங்களை. அந்தப் பயம் மட்டும் நன்றாக ஞாபகத்தில் நிற்கும். காலையில் விசாரணை வைப்பதும் அப்படித்தான். "இரவு என்னத்தைக் கண்டு பயந்தனீ?" என்று நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அவன் ஒரு பேயைக் கண்டுபிடித்துச் சொல்லுவான்.

மாமியோடு சண்டை போடத் தேவையில்லை. பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிஷத்தில் பிள்ளை தானாகவே அடங்கி, திரும்பிப் படுத்துவிடும். திருநீறு எடுத்துவந்து பூசி முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும். ஒரு கிழமை தொடர்ந்து வந்துவிட்டுப் பல நாள் வராமலும் இருக்கும், நூலுக்கும் நல்ல பெயர் கிடைக்கும். பூசட்டும். பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து, மந்திரிக்கிறேன் என்று இழுபடுத்தாமல் இருந்தால் போதும்.

இனி இது எப்படிக் குறையும் என்பதற்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னப் பெட்டையின் கதையைச் சொல்கிறேன். நாலு வயது. நேர்சரிக்குப் போகத் தொடங்கியதும் மத்தியான நித்திரை நின்றுபோனது. அதோடு நல்லூர்த் திருவிழாவும் தொடங்க, பின்னேரம் கோயில், வீதியில் ஐஸ்கிரீம், வீட்டுக்கு வந்து படுக்க ஒன்பதரை, பத்து. திருவிழா தொடங்கிய கிழமையே கத்தல் தொடங்கிவிட்டது. கோயிலுக்கு வரும் வழியில் எதையோ கண்டு பயந்தாள் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள்.

தாயிடம் ஒரு கொப்பியில் இரண்டு நேரத்தை மட்டும் எழுதச் சொன்னேன்: நித்திரையான நேரம், கத்தத் தொடங்கிய நேரம். எட்டே முக்காலுக்கு நித்திரையான அன்று பத்தேகாலுக்குக் கத்தியிருக்கிறாள். ஒன்பதரைக்கு நித்திரையான அன்று பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு நித்திரையான அன்று பதினொன்றரை தாண்டி. கத்திய மணி ஒவ்வொரு நாளும் வேறு, ஆனால் இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம்தான். பயந்த இடமோ நேரமோ காரணமென்றால் இப்படி நித்திரையைப் பின்தொடர்ந்து வராது.

காரணம் நித்திரைக் கடன். பகல் நித்திரை போய், இரவுப் படுக்கையும் பிந்தினால், மூளை அந்தக் கடனை முன்னிரவில் ஆழ்ந்த நித்திரையாகத் திருப்பி எடுக்கும். நித்திரை எவ்வளவு ஆழமோ, அதிலிருந்து மேலே வருவதும் அவ்வளவு சிக்கல். காய்ச்சல், முட்டிய மூத்திரப்பை, திடீர்ச் சத்தம் எல்லாம் அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டிவிடும்.

முதலில் படுக்கையை எட்டு மணிக்குக் கொண்டுவந்து, நேர்சரியால் வந்ததும் முக்கால் மணித்தியாலம் படுக்க வைத்தார்கள். கத்தல் குறைந்தது, நிற்கவில்லை. அதன்பிறகுதான் நேரம் குறித்து எழுப்பும் முறைக்குப் போனோம். லண்டனில் சிறுவர் மனநல மருத்துவராக இருந்த பிரயன் லாஸ்க் 1988 இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய வழி இது. எட்டுக்கு நித்திரையானால் ஒன்பதரைக்குக் கத்தல் வரும் என்று கொப்பி சொல்கிறது. ஆகவே ஒன்பதேகாலுக்கு, லைட்டைப் போடாமல், தோளில் மெதுவாகத் தட்டி, கண் திறந்து "ம்" என்று சொல்லும் வரை எழுப்ப வேண்டும். ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கலாம். பிறகு படுக்க விட வேண்டும். ஒவ்வொரு இரவும், இரண்டு முதல் நாலு கிழமை வரை. முதல் இரவு எழுப்பியதுமே அவள் வீரிட்டுவிட்டாள், தாய் கொப்பியைத் தூக்கி எறியப் பார்த்தா. அப்படி நடந்தால் எழுப்பும் நேரத்தை இன்னும் ஒரு பத்து, பதினைந்து நிமிஷம் முன்னுக்கு எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. திருவிழா முடிந்து பூங்காவனமும் பார்த்த பிறகு எழுப்புவதை நிறுத்தினார்கள். அதன்பின் ஒரு காய்ச்சலில் மட்டும் ஒரு தடவை வந்தது. இந்த வழி, அனேகமாக ஒவ்வொரு இரவும் ஒரே இடைவெளியில் வரும் பிள்ளைக்குத்தான் உதவும். மாதத்தில் ஒரு தடவை வருவதற்கு இதைச் செய்து எல்லாருடைய நித்திரையையும் கெடுக்கக் கூடாது.

நித்திரையில் நடக்கும் பழக்கமும் இதற்கு ஒரு உறவுக்காரன்தான், குடும்பத்திலும் ஓடும். அவளுடைய தகப்பன் சின்ன வயதில் முற்றம் வரை நடந்துபோன கதையை அப்பம்மா பிறகுதான் சொன்னா. ஆகவே இரவில் வெளிக்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள், கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் மூடி போடுங்கள். பிள்ளை எழும்பி ஓடினால் நுளம்பு வலையில் சிக்கும், வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் இறுக்கிச் செருகாதீர்கள். தடிமனுக்குக் கொடுக்கும் நித்திரை மயக்க சிரப்பை இதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவில் கியூபெக் மாகாணப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 2015 இல் வெளிவந்த ஆய்வில், ஒன்றரை வயதில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு நைட் டெரர் இருந்தது. 5 வயதில் அது சுமார் 13 வீதம். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

டொக்டரிடம் காட்ட வேண்டியவை சில உண்டு. பிள்ளை குறட்டை விட்டு, வாயால் மூச்சு எடுத்து, இடையிடையே மூச்சு நின்று திணறினால் டான்சிலோ அடினாயிட்டோ பெருத்திருக்கலாம். அந்தத் தடை நித்திரையைத் திரும்பத் திரும்பக் கலைப்பதே சில பிள்ளைகளில் இதற்குக் காரணம், அதைச் சரிசெய்தால் கத்தலும் போய்விடுவதுண்டு. கத்தல் இரண்டு நிமிஷத்துக்குள் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிந்து, ஒரே இரவில் பல தடவை, ஒவ்வொரு முறையும் அச்சடித்த மாதிரி ஒரே அசைவோடு வந்தால், அல்லது உடம்பு விறைத்து இழுத்தால், பகலிலும் அப்படி ஏதும் நடந்தால், வலிப்பா என்று பார்க்க வேண்டும். வாயால் விவரித்தால் டொக்டருக்கும் பிரித்தறிவது கஷ்டம். ஒரு ஆள் பிள்ளை விழாமல் பக்கத்தில் இருக்க, மற்ற ஆள் போனில் வீடியோ எடுங்கள். முகத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு கையும் இரண்டு காலும் தெரியும்படி, கத்தி முடிந்து திரும்பப் படுக்கும் வரைக்கும் எடுங்கள். கொப்பியையும் கொண்டு போங்கள்.