சிங்கள நாவலும் அகராதியும்

“ஹட்டன் பக்கம். கடையில, பஸ்ஸில சிங்களம் தடையில்லாமல் பேசுவேன். நாவல் எடுத்தால் பக்கத்துக்கு இருபது தடவை அகராதி பார்க்கிறேன். என்ன செய்யலாம்?”

நீங்கள் தேடுவதில் பாதி புதுச் சொல்லாக இருக்காது, தெரிந்த வினையின் எழுத்து வடிவமாகத்தான் இருக்கும். பேச்சில் யார் போனாலும் ‘கியா’தான். நாவலின் விவரிப்பில் அவன் போனால் ‘கியேய’, அவள் ‘கியாய’, அவர்கள் ‘கியோய’, நான் ‘கியெமி’. ‘போய்’ என்பதற்கு நீங்கள் சொல்லும் ‘கிஹில்லா’ அங்கே ‘கொஸ்’ ஆகிவிடும். அகராதியில் இவை தனித் தலைச்சொல்லாகப் பெரும்பாலும் இருக்காது, அதனால்தான் தேடித் தேடிக் களைக்கிறீர்கள். தமிழில் போனான், போனாள், போனார்கள் என்று விகுதி பிரிக்கிறோமே, அதே பழக்கம் இங்கே உங்களுக்குப் பெரிய உதவி.

இந்த விகுதிகளை ஒரு அட்டையில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். ‘ஒஹு கெதரட்ட கியேய’ என்று வந்தால் கடைசி ஒலியை விட்டு வேரைப் பாருங்கள்: அவன் வீட்டுக்குப் போனான்.

அத்தியாயத்தை முதலில் நிறுத்தாமல் வாசியுங்கள். புரியாத சொல்லுக்குப் பென்சிலால் புள்ளி மட்டும். மூன்று தடவை வந்ததையும், அது இல்லாமல் கதையே நகராததையும் முடிவில் பாருங்கள், ஐந்துக்கு மேல் வேண்டாம். மரம், பறவைப் பெயர்களை விட்டுவிடலாம். உரையாடல் பெரும்பாலும் பேச்சுச் சிங்களத்தில் இருக்கும், வழி தவறினால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்புங்கள்.

அட்டை இருந்தும் நூறு சொல்லில் பத்துப் புள்ளி விழுந்தால் அந்த நாவல் இப்போதைக்குக் கடினம். சிறுவர் நாவல் ஒன்றுக்கு மாறுங்கள்.