காசநோய்க் குளிசை தொடங்கியவர்களின் கேள்விகள்: நெஞ்சுநோய் மருத்துவர் பதில்

நேற்றுத்தான் குளிசை தொடங்கினேன். இன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. ஈரல் பழுதாகிவிட்டதா? (கொட்டாஞ்சேனை)

இல்லை. உங்கள் குளிசையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும், வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் கறை பிடிக்கும். குளிசை போட்ட சில மணி நேரத்தில் கடுமையாக இருந்து, மாலையாகும்போது வெளிறிவிடும்.

ஈரல் பாதிக்கப்பட்டால் கதை வேறு. நிறம் கடும் பிளேன்டீ போல் இருக்கும், மாலையிலும் வெளிறாது. அதற்கு முன்பே பசி போய்விடும், சோற்றைக் கண்டாலே குமட்டும், வலது விலாவுக்குக் கீழ் பாரமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். ரிஃபாம்பிசினால் மட்டும் அது மஞ்சளாகாது. மஞ்சள் தெரிந்தாலோ, குமட்டலும் வாந்தியும் விடாமல் இருந்தாலோ, எல்லாக் குளிசைகளையும் நிறுத்திவிட்டு அன்றே கிளினிக்குக்கு வாருங்கள். இரத்தத்தில் ஈரல் பரிசோதனை செய்து, அளவு இறங்கிய பின் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவோம். எந்த மருந்து குற்றவாளி என்பது அப்போதுதான் தெரியும். சாராயம் குடிப்பவருக்கு இந்த ஆபத்து கூட. ஆறு மாதமும் அதைத் தொட வேண்டாம்.

மீன் சாப்பிடக்கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. உண்மையா? (மட்டக்குளி)

பாதி உண்மை. எல்லா மீனும் இல்லை. பலயா, கெலவல்லா என்று சந்தையில் விற்கும் சூரை வகைகள்தான் சிக்கல். பிடித்த பின் ஐஸ் போதாமல் கிடந்தால் இவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாதாரணமாக உடலில் உள்ள ஒரு நொதியம் அதைச் சிதைத்துவிடும். உங்கள் குளிசையில் உள்ள ஐசோனியசிட் அந்த நொதியத்தை அடக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரே சட்டிக் கறியைச் சாப்பிட்ட வீட்டார் நலமாக இருக்க, நோயாளி மட்டும் அவதிப்படுகிறார்.

ஒருவர் காலையில் குளிசை போட்டு, மதியம் பலயாக் கறியுடன் சோறு சாப்பிடுகிறார் என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து கொதிக்கிறது, தலை இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பு அரிக்கிறது. வீட்டார் மருந்து ஒவ்வாமை என்று நினைத்துக் குளிசையை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். இங்கேதான் பிழை நடக்கிறது. மருந்து ஒவ்வாமை என்றால் மீன் இல்லாத நாளிலும் குளிசைக்குப் பின் வரும், சிலருக்குக் காய்ச்சலும் சேரும். இது மீன் தின்ற நாளில் மட்டும் வந்து, சில மணி நேரத்தில் அடங்கும். குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமைக் குளிசை கேட்கும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். எப்படியானாலும் நிறுத்த வேண்டியது மீனை. டின் மீனாக வரும் சூரையும் இதே வகைதான்.

என் நிறை 48 கிலோ. காலையில் மூன்று குளிசையும் வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரிகிறது. ஒன்று ஒன்றாகப் பிரித்துப் போடலாமா? (வெள்ளவத்தை)

பிரிக்க வேண்டாம். 40 முதல் 54 கிலோ வரை உள்ளவருக்கு நாளுக்கு மூன்று, ஒரே நேரத்தில். ஒவ்வொரு குளிசையிலும் நான்கு மருந்துகள் கலந்திருக்கின்றன. இரத்தத்தில் அவை ஒன்றாக உச்சிக்கு ஏறும்போதுதான் கிருமி நன்றாகச் சாகும். வெறும் வயிறுதான் சிறந்தது, ஆனால் எரிச்சலுக்குப் பயந்து விடுவதைவிட இரண்டு மேரி பிஸ்கட்டோடு போடுவது எவ்வளவோ மேல். வயிற்றெரிவு மருந்து குடிப்பதானால் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அது ஐசோனியசிட் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

மூன்று வாரத்தில் இருமல் நின்றுவிட்டது, நிறையும் ஏறுகிறது. இனியும் ஏன்? (தெமட்டகொடை)

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் நாட்களிலேயே செத்துவிடும். இருமல் நிற்பது அதனால்தான். சோம்பிக் கிடக்கும் கிருமிகள் மிஞ்சியிருக்கும். மருந்து பெருகும் கிருமியையே எளிதில் கொல்லும் என்பதால், இவை விழிக்க விழிக்கத்தான் சாகும். அதற்குத்தான் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாத முடிவில் சளியைக் கட்டாயம் பரிசோதிக்கக் கொடுங்கள்.

ஒரு நாள் மறந்தால் அன்று ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்ததென்றால் இரட்டிப்பாகப் போட வேண்டாம், தவறிய நாளைக் கடைசியில் சேர்ப்போம். ஆனால் அட்டையில் போட்டதாகக் குறித்துவிடாதீர்கள். மறந்த நாட்கள் தெரிந்தால் கணக்கைத் திருத்தலாம், பொய்க் குறி இருந்தால் மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா என்று வீணாகத் தேட வேண்டிவரும்.

கால் பாதம் எரிகிறது, விறைக்கிறது. (கிராண்ட்பாஸ்)

ஐசோனியசிட் வைட்டமின் பி6-ஐக் குறைப்பதால் வருவது. நீரிழிவு உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் கூடுதலாக வரும். பிரிடொக்சின் குளிசை தருவோம், காசநோய்க் குளிசையை நிறுத்த வேண்டாம். ஆனால் பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாமலோ, எழுத்து மங்கியோ தெரிந்தால் அது எதாம்பியூட்டோல் கண் நரம்பைத் தொடுவது. அடுத்த குளிசையைப் போடுவதற்கு முன் வாருங்கள்.