ஆய்வேட்டில் எந்த வினையைப் பெயராக்குவது?

கேள்வி: தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் என் ஆய்வேட்டைப் படித்த நெறியாளர், "கதை சொல்ற மாதிரி இருக்கு, ஆய்வு நடை வரலை" என்கிறார். வாக்கியங்களை எப்படி மாற்றுவது?

பதில்:

ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பெரும்பாலும் உங்கள் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்:

"கிணறுகள் வற்றியதால் விவசாயிகள் நிலத்தை விற்றுவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போனார்கள். அதனால் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்."

இலக்கணம் சரி, பொருளும் தெளிவு. ஆனால் இங்கே காரணம் முழுவதையும் 'ஆல்' என்ற ஒரு உருபு சுமக்கிறது. நீர் வற்றியது முதன்மையான காரணமா, பலவற்றுள் ஒன்றா என்று அந்த உருபுக்கு அடைமொழி கொடுத்துச் சொல்ல வழியில்லை. 'காரணம்' என்று பெயராக எழுதினால் 'முதன்மைக் காரணம்', 'மறைமுகக் காரணம்' என்று அளவிட்டுச் சொல்லலாம். வினைகளும் அப்படித்தான். 'விற்றார்கள்' என்பது நடந்து முடிந்த செய்தி. 'விற்பனை' என்று ஆக்கிவிட்டால் அதை எண்ணலாம், ஒப்பிடலாம், அடுத்த வாக்கியத்தில் 'இந்த விற்பனை' என்று சுட்டி மேலே பேசலாம்.

நான் இப்படி மாற்றுவேன்:

"நிலத்தடி நீர் வற்றியதைத் தொடர்ந்து நில விற்பனை அதிகரித்தது. இந்த விற்பனையும் அதை ஒட்டிய இடப்பெயர்வும் பள்ளிச் சேர்க்கை குறைந்ததற்கு முதன்மைக் காரணங்கள்."

எல்லா வினையையும் நான் பெயராக்கவில்லை, கவனியுங்கள். அடுத்த வாக்கியத்திலும் பேசப்போகிற விற்பனை, இடப்பெயர்வு இரண்டையும்தான் முழுப் பெயராக்கினேன். 'வற்றியது', 'குறைந்தது' இரண்டும் காலம் காட்டும் பாதிப் பெயர்களாகவே நிற்கின்றன. இலங்கைத் தமிழர் என்றால் 'வற்றியமை', 'குறைந்தமை' என்று எழுதுவார்கள். அங்கே அது இயல்பான நடை. 'விற்றுவிட்டு', 'குறைந்துவிட்டார்கள்' என்பவற்றில் இருந்த 'விடு' தானாகவே உதிர்ந்துவிட்டது. "ஐயோ, இப்படி ஆகிவிட்டதே" என்ற குரல் பெரும்பாலும் அந்தத் துணைவினையில்தான் ஒளிந்திருக்கும். கதை சொல்வது போலத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், எந்த வடிவத்தைத் தேர்வது? '-தல்' சேர்த்த சொல் பாதி வினையாகவே நடந்துகொள்ளும்: 'நிலத்தை விரைவாக விற்றல்'. ஐ உருபும் வரும், '-ஆக'வும் வரும். விற்பனை, வளர்ச்சி, குறைவு, மாற்றம் போன்றவை முழுப் பெயர்கள்: 'நிலத்தின் விரைவான விற்பனை'. இரண்டையும் கலந்து 'வேகமாக வளர்ச்சியின் விளைவு' என்று எழுதுவதுதான் மாணவர் ஏடுகளில் அடிக்கடி பார்க்கும் தடுமாற்றம். 'செய்', 'அடை' மாதிரி ஒரு வினை பின்னால் வந்தால் '-ஆக' சரி ('வேகமாக வளர்ச்சியடைந்தது'). பெயர் தனியே நின்றால் '-ஆன'தான். எல்லா வினைக்கும் கைக்கு அடக்கமான பெயர் கிடைக்காது என்பதும் உண்மை. 'நீர் வற்றலின் காரணமாக' என்று எழுதினால் எனக்கு மிளகாய் வற்றல்தான் நினைவுக்கு வரும். அங்கே 'வற்றியது' போதும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்: "நீர்ப் பற்றாக்குறையின் காரணமாக நில விற்பனை மேற்கொள்ளப்பட்டு, இடப்பெயர்வு ஏற்பட்டு, சேர்க்கையில் குறைவு காணப்படுகிறது." மேற்கொள்ளப்படு, ஏற்படு, காணப்படு என்று வெற்று வினைகள் வரிசையாக வந்தாலே பெயராக்கம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். உண்மையான வினைகளெல்லாம் பெயராகிப் போனதால் வாக்கியத்தை முடிக்க ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. 'நேர்காணல் மேற்கொள்ளப்பட்டது' என்பதைவிட 'விவசாயிகளை நேர்கண்டேன்' என்பது எனக்குப் பிடிக்கும். சில துறைகளில் 'நான்' ஆகாது என்பார்கள், அங்கே நெறியாளர் சொல்படி போய்விடுங்கள்.

இதையெல்லாம்விட ஆபத்தானது, செய்தவர் மறைந்துபோவது. 'விவசாயிகள் விற்றார்கள்' என்றால் ஆள் தெரிகிறது. 'நில விற்பனை அதிகரித்தது' என்றால் யார் விற்றார், யார் வாங்கினார் என்பது போய்விடுகிறது. குறைவும் குறைப்பும் ஒன்றல்ல, அழிவும் அழிப்பும் ஒன்றல்ல; முதலாவது தானாக நடந்தது, இரண்டாவது யாரோ செய்தது. 'வெளியேற்றம்' இன்னும் மோசம், வெளியேறினாலும் அதே சொல், வெளியேற்றினாலும் அதே சொல். அணை கட்டிய ஊரைப் பற்றி 'மக்களின் வெளியேற்றம்' என்று எழுதினால் அவர்களாகப் போனார்களா, துரத்தப்பட்டார்களா என்பதே ஏட்டில் இருக்காது. அந்த இடத்தில் வினையையே எழுதுங்கள், அல்லது 'கட்டாய வெளியேற்றம்' என்று அடைகொடுத்து, யார் வெளியேற்றினார்கள் என்பதை அதே பத்தியில் ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள்.