குட்டியின் வாயில் சிரங்கு, மனைவியின் விரலில் கட்டி: ஆர்ஃப் நோய் பற்றி

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். 12 வெள்ளாடுகளும் 9 குட்டிகளும் வைத்திருக்கிறோம். தை கடைசியில் சந்தையில் 2 குட்டிகள் வாங்கிச் சேர்த்தோம். ஒரு வாரத்தில் அவற்றின் உதட்டோரத்தில் சிரங்கு வந்தது. இப்போது எங்கள் குட்டிகளில் 6க்கு வந்துவிட்டது. தாயாடு ஒன்று குட்டியை மடியில் அண்டவிடாமல் உதைக்கிறது. குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுத்த என் மனைவிக்கு ஆட்காட்டி விரலில் சிவந்த கட்டி எழும்பியிருக்கிறது. இது கோமாரியா? கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதில்: முதலில் விரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கீற வேண்டாம். ஊசியால் குத்தவும் வேண்டாம். பார்ப்பதற்குச் சீழ்க்கட்டிபோல இருந்தாலும் உள்ளே வடிப்பதற்குச் சீழ் பெரும்பாலும் இருக்காது. வைரஸால் தோல் தடித்து வீங்கியிருப்பதுதான் அது. கீறினால் புண் பெரிதாகும். இல்லாத சீழ் அதன் பிறகு உண்மையாகவே பிடிக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ஆர்ஃப் நோய். செம்மறி, வெள்ளாடு இரண்டுக்கும் வரும் ஒரு வகை அம்மை வைரஸ். கோமாரியாக இருந்தால் பெரிய ஆடுகளும் சேர்ந்து நொண்டும். வீட்டில் மாடு இருந்தால் அதுவும் எச்சில் ஒழுக நிற்கும். நீங்கள் கேட்காவிட்டாலும் ஆட்டுக்கொல்லி நோயையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கடுமையான காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, கழிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். சில நாட்களில் ஆடுகள் சாகத் தொடங்கும். ஆர்ஃபில் குட்டி பசியோடுதான் இருக்கும், வலியால் வாய் வைக்காது. உதடுகள் சேரும் மூலையில் தொடங்கி, காலிப்பூபோல மேடும் பள்ளமுமாக, தொட்டால் இரத்தம் கசியும் சிரங்கு கட்டியிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனாலும் கழிச்சலோ காய்ச்சலோ கண்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். இரண்டு நோய்களும் ஒரே மந்தையில் சேர்ந்து வருவதும் உண்டு.

இனி, இது உங்கள் கொட்டகைக்குள் வந்த வழி. முழுத்தோலைத் துளைத்துக்கொண்டு நுழையும் வல்லமை இந்த வைரஸுக்கு இல்லை. அதற்கு ஒரு கீறல் வேண்டும். டெல்டாவில் தை, மாசியில் அந்தக் கீறலுக்குப் பஞ்சமே இல்லை. சம்பா அறுத்த வயலில் தாளடி நிற்கிறது. ஆள் வைத்து அறுத்த காலத்தைவிட இயந்திரம் அறுத்த தாள் உயரமாகவும் விறைப்பாகவும் நிற்கும். பச்சைப் புல்லைத் தேடி அதற்குள் மூக்கை நுழைக்கும் குட்டியின் உதட்டைக் குத்துவது அதுதான். மீதியை வரப்போரத்துச் சீமைக்கருவேல முள் பார்த்துக்கொள்ளும். சந்தையிலிருந்து வந்த குட்டிகள் அங்கேயோ, ஏற்றிவந்த வண்டியிலோ வைரஸை வாங்கியிருக்கும். தொற்றிய 3 முதல் 8 நாட்களுக்குள் புண் தெரியும் என்பதால், நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாரக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. அவை உங்கள் குட்டிகளோடு ஒரே தொட்டியில் தின்றன, ஒன்றோடொன்று உரசின. அடுத்த வாரம் இவற்றுக்கும் வந்துவிட்டது.

உதைக்கிற தாயாட்டின் மடியைப் பாருங்கள். காம்பிலோ, காம்பு தொடங்கும் இடத்திலோ சிறு கொப்புளங்கள் அல்லது பொருக்கு இருக்கும். குட்டி தன் சிரங்கு வாயோடு ஊட்டியதில் தொற்றியது அது. பெரும்பாலும் வாய்ச்சிரங்கு மட்டும் குட்டியைக் கொல்வதில்லை. இந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. வலியால் தாய் விடாது. குட்டி பட்டினி கிடக்கும். மடியில் பால் தேங்கும். காம்புப் புண் வழியே பாக்டீரியா ஏறி மடிநோய் வரும். மடி சூடாகிக் கல்போல் இறுகினாலோ, பால் திரிந்தோ இரத்தம் கலந்தோ வந்தாலோ அன்றே ஊசி போட வேண்டும். அதுவரை போகவிடாமல் இருக்க, காலையும் மாலையும் கையுறை போட்டுக்கொண்டு பாலைக் கறந்துவிடுங்கள். கறந்ததைக் காய்ச்சி ஆறவைத்து அதே குட்டிக்குக் கொடுக்கலாம். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லி பால், நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும். நோயுள்ள குட்டிக்கு வைத்த ரப்பர் காம்பை மற்றக் குட்டிகளுக்கு வைக்காதீர்கள். வேலையின் வரிசையும் முக்கியம்: நல்ல குட்டிகளுக்கு முதலில், நோயுள்ளவற்றுக்குக் கடைசியில்.

உங்கள் மனைவியின் விரலுக்கு வைரஸ் வந்ததும் அந்தப் புட்டி வழியாகத்தான் இருக்கும். குடிக்க மறுக்கும் குட்டியின் வாயை ஆட்காட்டி விரலால் திறந்துதான் புட்டியை நுழைப்போம். குட்டியின் பல் கீறுகிறது. அரிவாள்மணையில் பட்ட பழைய வெட்டு ஏற்கெனவே இருக்கிறது. அது போதும். மனிதருக்கும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரியும். முதலில் சிவந்த சிறு கட்டி; பிறகு நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை வளையம், வெளியே மறுபடி சிவப்பு என்று வில்வித்தை இலக்குப் பலகைபோல் ஆகும்; பிறகு நீர் கசியும்; பொருக்குக் கட்டும்; உதிரும். முழுதும் ஆற 6 வாரம் வரை பிடிக்கும். பெரும்பாலும் வடுவும் நிற்காது. வைரஸைக் கொல்ல மாத்திரை எதுவும் தேவையில்லை. சுத்தமான துணியால் கட்டி, ஈரம் படாமல் வைத்திருந்தால் தானே ஆறும். ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. மேலே பாக்டீரியா சேர்ந்திருப்பதாக மருத்துவர் கண்டால் மட்டும் கொடுப்பார்.

அப்படியென்றால் மருத்துவரிடமே போக வேண்டாமா? போகத்தான் வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக, "சிரங்கு வந்த ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுத்தேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆட்டைப் பற்றி யாரும் சொல்லாததால்தான் இந்தக் கட்டிகள் பல இடங்களில் கத்திக்குப் போகின்றன. புண்ணின் நடுப்பகுதி வலியில்லாமல் கரிபோலக் கறுத்து, சுற்றிலும் கை பெரிதாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் அது வேறு கதை. அண்மையில் திடீரென்று செத்த ஆட்டையோ மாட்டையோ தொட்டிருந்தால் அடைப்பானாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கட்டி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இரு கைகளிலும் கால்களிலும் வட்டவட்டமாகத் தடிப்பு எழும்பினால், அது வைரஸ் பரவியதல்ல, உடம்பு அதற்குக் காட்டும் எதிர்வினை. அதற்கும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழந்தையைப் பற்றி: ஆட்டிலிருந்து மனிதருக்கு வருவதுபோல மனிதரிடமிருந்து மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை. தாய்ப்பால் வழியே பரவும் என்ற பயமும் வேண்டாம். புண்ணை மூடிக்கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்கலாம். கட்டுள்ள விரல் குழந்தையின் முகத்திலோ, கரப்பான் இருந்தால் அந்தத் தோலிலோ படக் கூடாது. புண் ஆறும்வரை நோயுள்ள குட்டிகளைக் கவனிக்கும் வேலையை வேறு யாராவது கையுறையோடு செய்யட்டும். ஆனால் அந்த வேறொருவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவராகவோ, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவராகவோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராகவோ இருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இதே கட்டி பெரிதாக வளர்ந்து, ஆறாமல் தொல்லை தரும். குட்டியைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

குட்டிகளின் வாய்க்கு வருகிறேன். நம் ஊரில் சிலர் உப்பும் புளியும் வைத்து இரத்தம் வரத் தேய்ப்பார்கள். சிலர் கழிவு எண்ணெயைத் தடவுவார்கள். இரண்டும் கெடுதல். பொருக்கைப் பிய்த்தால் ஆறுவது தள்ளிப்போகும், பிய்த்தவர் கையிலும் வைரஸ் ஏறும். 1 லிட்டர் தண்ணீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் இளஞ்சிவப்பு வரும் அளவுக்கு மட்டும் கரைத்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் போரிக் பவுடர் குழைத்த கிளிசரினைத் தடவுங்கள். ஈ மொய்க்கும் பருவமாக இருந்தால் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசலாம். புழு வைத்துவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். வைக்கோலையும் முள் தழையையும் நிறுத்திவிட்டு, அகத்தி, வேலிமசால் போன்ற மெல்லிய தழையும் ஆறிய கஞ்சியும் கொடுங்கள். சிரங்கு 3 அல்லது 4 வாரத்தில் தானாக உதிரும். ஈறு, நாக்கு வரை புண் இறங்கிய குட்டிக்கும், இருமல் தொடங்கிய குட்டிக்கும் மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உதிர்ந்த பொருக்கை மறந்துவிடாதீர்கள். அதில் வைரஸ் உயிரோடு இருக்கிறது. ஈர வயலில், மழையில் கிடந்தால் விரைவில் சிதைந்துபோகும். கூரைக்கு அடியில் காய்ந்த தூசோடு தூசாகக் கிடந்தால் மாதக்கணக்கில், அதற்கு மேலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேய்ச்சலுக்கு விட முடியாமல் ஆடுகளை அடைத்து வைப்பது அதே கொட்டகையில்தான். ஆகவே கடைசிக் குட்டிக்கும் ஆறிய பிறகு, தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து, கையுறையோடு கூட்டி, குப்பையை எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். தீவனத் தொட்டியை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் பிளீச்சிங் பவுடர் வீண்.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டிருக்கிறோமே என்று நினைக்கலாம். அது இதைத் தடுக்காது. ஆட்டம்மைத் தடுப்பூசியும் தடுக்காது. ஆர்ஃபுக்கென்றே உள்ள தடுப்பூசி, உயிருள்ள வைரஸைத் தோலில் கீறி வைப்பது. நோய் வராத மந்தைக்கு அதைப் போட்டால் நாமே நோயைக் கொண்டுவந்ததாகிவிடும். ஒருமுறை வந்து தேறிய ஆட்டுக்கு மறுபடி வந்தாலும் லேசாகத்தான் வரும். ஆனால் தாயின் சீம்பால் குட்டியை இதிலிருந்து காப்பதில்லை. ஒவ்வோர் ஈற்றிலும் புதுக் குட்டிகளுக்குச் சிரங்கு வருவதற்கு அதுதான் காரணம்.

இனி சந்தையிலிருந்தோ, அறுவடைக்குப் பின் கிடை போட வரும் கீதாரிகளிடமிருந்தோ ஆடு வாங்கினால், வண்டியில் ஏற்றுவதற்கு முன் உதட்டு மூலையையும் குளம்புக்கு மேலுள்ள தோலையும் விரித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தாலும் 3 வாரம் தனிக் கட்டு, தனித் தொட்டி. இப்போது சிரங்கோடு இருக்கும் குட்டிகளை விற்றுவிடலாம் என்றும் யோசிக்காதீர்கள். ஆறியபின் நல்ல விலைக்கே போகும். கறிக்கு அறுக்க நேர்ந்தால் வெந்த இறைச்சியால் தொற்று வராது. தலைக்கறிக்காக முகத்தை வெறுங்கையால் பிடித்து மயிர் பொசுக்கிச் சுரண்டுபவருக்குத்தான் வரும். அந்தத் தலையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.