தானோஸின் கண்ணீர்

வணக்கம் அண்ணா. 'இன்ஃபினிட்டி வார்' படத்தை வீட்டில் மறுபடி பார்த்தோம். பாதி உயிர்கள் போனால்தான் மிச்சப் பேருக்குச் சோறு போதும் என்று, ஒரு சொடக்கில் பிரபஞ்சத்தின் பாதியை அழிக்கும் வில்லன் தானோஸ் வருகிற படம். அப்பா, "அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கே, ஃபெடரல் ஹைவேயில பாதி காடி இல்லாம போனா நல்லாத்தானே இருக்கும்" என்றார். சிரித்தேன், மறுக்கத் தெரியவில்லை. நான் எழுதும் கதையில் ஒரு பொறியாளர் கோலாலம்பூரைக் காப்பாற்ற மதகைத் திறந்து ஒரு கம்பத்தை மூழ்கடிக்கிறார். படித்த நண்பர்கள் எல்லாரும் அவர் பக்கமே பேசுகிறார்கள். எங்கே தப்பு?
— ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்குக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். படம் வந்த 2018-இல் மலேசியாவில் சுமார் 3 கோடியே 20 லட்சம் பேர். அதில் பாதி என்றால், எங்கள் பினாங்குப் பாலம் திறந்த 1985 வாக்கில் இருந்த ஜனத்தொகை. அப்போது நாட்டில் பாலும் தேனுமா ஓடியது? அந்த வருடம்தான் ஈயச் சந்தை சரிந்தது, பொருளாதாரம் சுருங்கியது. ஆள் குறைவு என்பதற்காக யாருக்கும் வேலை தேடி வரவில்லை. அங்கிருந்து 2018-இன் கூட்டத்துக்கு வந்து சேர முப்பத்துச் சில வருடமே ஆனது. தானோஸ் ஒரு சொடக்கில் வாங்கித் தருவது அவ்வளவு அவகாசம்தான்.

படத்தில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. நினைத்ததையெல்லாம் நடத்தும் ஆறு மந்திரக் கற்களையும் சேர்ப்பவன், உயிர்களைப் பாதியாக்குவதற்குப் பதில் விளைச்சலை இரண்டு மடங்காக்கலாமே என்று கேட்கவும் ஆள் இல்லை. அவன் எடுத்து வளர்த்த மகள் கமோரா மட்டும் 'அது உனக்கெப்படித் தெரியும்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறாள். தனக்கு மட்டும்தான் தெரியும் என்கிறான், பேச்சு நகர்ந்துவிடுகிறது. ஜிம் ஸ்டார்லின் 1991-இல் எழுதிய காமிக்ஸில் அவன் மரணம் என்னும் பெண்ணைக் கவர்வதற்காகப் பாதி உயிர்களை அழிக்கிறான். அந்தத் தானோஸுக்காக எந்த அப்பாவும் வாதாட மாட்டார். படக்காரர்கள் காதலை எடுத்துவிட்டுக் கொள்கையை வைத்தார்கள். கொள்கைக்கு எதிர்வாதம் வேண்டுமே, அதை மட்டும் வைக்கவில்லை.

அந்தக் கத்திக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சிறுமி கமோராவின் ஊரில் ஜனங்களை இரண்டு பாதியாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். அவன் அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் ஒரு சின்னக் கத்தியை விரலில் சமநிலையாக நிறுத்திக் காட்டி, அவளையும் செய்யச் சொல்கிறான். பின்னால் சுடும் சத்தம். குழந்தை திரும்பப் பார்க்கிறது, அவன் முகத்தைத் திருப்பிவிட்டுக் கவனமாகச் செய் என்கிறான். எனக்குப் படத்தில் மிகப் பிடித்த இடம் இது. நம் முகத்தையும் சேர்த்துத்தான் அவன் திருப்புகிறான். செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, கத்தி நின்றதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஊரில் இப்போது பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவதாகப் பின்னால் அவனே சொல்கிறான். சாட்சிக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரும் வருவதில்லை.

வோர்மிர் மலையில் படம் இன்னொரு படி போய்விடுகிறது. ஆன்மக் கல் வேண்டுமானால் தான் நேசிக்கும் ஒருவரைப் பலி கொடுக்க வேண்டும். அவன் அழுதுகொண்டே கமோராவைத் தள்ளுகிறான், கல் கைக்கு வருகிறது. அதாவது அவன் பாசம் உண்மை என்று கதையின் விதியே முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறது. பாசம் உண்மை என்றால் கொள்கையும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம் மனசு தாவிவிடும். உங்கள் அப்பா தாவியது இங்கேதான் என்று நினைக்கிறேன். அழுகிறவனைத் திட்ட நமக்கு வாய் வராது.

அவன் நிஜமாக என்ன கேட்கிறான் என்பது 2019-இல் வந்த 'எண்ட்கேம்' படத்தில்தான் வெளியே வருகிறது. மிஞ்சியவர்கள் செத்தவர்களை மறக்கவில்லை என்று பார்த்ததும் பாதிக் கணக்கையே கைவிட்டு, எல்லாவற்றையும் அணுவரை அழித்து, நன்றியுள்ள புதுப் பிரபஞ்சம் படைப்பேன் என்கிறான். சோற்றுக் கவலையாக இருந்திருந்தால் நன்றி எதற்கு? சொந்தக் கிரகமான டைட்டனில் அவன் யோசனையைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளினார்கள். அந்தக் கிரகம் அழிந்தது. 'அன்னிக்கே சொன்னேன், கேட்டாங்களா' என்று நாற்பது வருடமாக ஒரே கதையைச் சொல்லும் மாமா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. அவர் கையில் ஆறு கற்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பொறியாளர். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அவருக்குத் தூக்கமில்லாத இரவு இருக்கிறது, நடுங்கும் கை இருக்கிறது, செத்துப்போன மகள் இருக்கிறாள். கம்பத்துக்கு ஒரு வீடுகூட இல்லை. அவரைக் கொடூரமாக்க வேண்டாம், கண்ணீரையும் எடுக்க வேண்டாம். மதகு திறப்பதற்கு முன் அங்கிருந்து ஒருவர் போன் பண்ணட்டும், வேறு எதற்காகவோ, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று சொல்ல. பொறியாளர் எடுத்துப் பேசி, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கட்டும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். அவர் முடிவெடுத்ததற்கும் மதகு திறந்ததற்கும் இடையில் எத்தனை மணி நேரம்? கதையில் நீங்கள் சொல்லவே இல்லை. ஆறு மணி நேரம் என்றால் நாலு பஸ் போதுமே, தம்பி.